நடுவழிக்கு யார் பொறுப்பு?

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். வெளியூர் முகவர்கள் அவற்றை வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். இந்த வேலைக்கு அச்சகம் வேண்டியதில்லை. ஆல்பமும் தெரிந்த நாலு கடைக்காரர்களும் போதும். வீட்டில் இருந்தபடியே இதைச் செய்கிறவர்கள் விருதுநகர் மாவட்டத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் ஒருவருக்கு, 'மதுரைக் கடைக்குக் கொடுக்கிற காலண்டரை லண்டன் கடைக்கு ஏன் கொடுக்கக்கூடாது?' என்று தோன்றினால், அவர் முதலில் தேடுவது ஏற்றுமதி பற்றிய புத்தகமாகத்தான் இருக்கும்.

புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. பரஸ் ராம் எழுதிய 'எக்ஸ்போர்ட்: வாட், வேர், ஹவ்' பல பதிப்புகள் கண்ட கனத்த கையேடு. நாபி பதிப்பகத்தின் ஏற்றுமதியாளர் கையேடும் அப்படியே. அமெரிக்காவிலிருந்து கென்னத் வைஸ், தாமஸ் ஜான்சன் ஆகியோரின் நூல்கள் வருகின்றன. இவற்றைப் புரட்டும் சிவகாசிக்காரருக்கு முதலில் கிடைப்பது ஒரு ஏமாற்றம். ஊரின் பெயரைச் சொன்னாலே நினைவுக்கு வரும் பட்டாசு, வீட்டிலிருந்து விற்பவருக்கு ஆகாது. பட்டாசு ஆபத்தான சரக்குகளின் முதல் வகுப்பான வெடிபொருளில் சேரும். கம்பி மத்தாப்பும் அதில் அடக்கம். தபாலில் அதற்கு இடமே இல்லை. கப்பலில் அனுப்ப உரிமம், வகைப்பாட்டுச் சான்று, அங்கீகரிக்கப்பட்ட பொதி, ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் கப்பல் நிறுவனம் எல்லாம் வேண்டும். துறைமுகம் தூத்துக்குடியிலேயே இருந்தும், சிறு வியாபாரிக்கு அது எட்டாத தூரம். தீப்பெட்டியும் தீப்பற்றும் பொருள் வகுப்பில் இருப்பதால் பார்சலில் போகாது. தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிள் தாராளமாகப் போகும். ஆக, இந்த ஊரில் வீட்டு மேசையிலிருந்து கடல் தாண்டக்கூடியது காகிதம்தான்.

அதனால் காலண்டரையே எடுத்துக்கொள்வோம். ஏற்றுமதி நூல் ஒன்றை எப்படிப் படிப்பது என்பதற்கும் அது வழிகாட்டும். தினசரி காலண்டரில் இரண்டு பாகங்கள் உண்டு: நாளுக்கு ஒன்றாகக் கிழிபடும் தாள், ஆண்டு முழுக்க நிற்கும் அட்டை. ஏற்றுமதி நூலிலும் தாளும் அட்டையும் கலந்தே இருக்கின்றன. எந்தப் பக்கம் தாள், எந்தப் பக்கம் அட்டை என்று நூல் சொல்வதில்லை. அதைப் பிரிக்கத் தெரிவதுதான் வாசிப்பின் பாதி.

தாள் பக்கத்துக்கு ஒரு சான்று. அமெரிக்காவுக்குள் 800 டாலர் மதிப்பு வரையிலான பார்சல்களுக்குச் சுங்கவரி இல்லை என்ற சலுகை 2016 முதல் இருந்தது. அதன்பின் வந்த நூல்கள் அதை நிலையான விதிபோலவே சொல்லிவந்தன. வீட்டிலிருந்து விற்ற பலரும் தங்கள் விலைக் கணக்கை அதன் மேல்தான் கட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 29 அன்று அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற ஏற்பாடு தெளிவாகாததால், இந்திய அஞ்சல் துறை அதற்குச் சில நாள் முன்பே அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்தியது. அக்டோபர் நடுவில்தான் சேவை திரும்பியது. காலண்டர் வியாபாரத்துக்கு ஆகஸ்டும் செப்டம்பரும்தான் உயிர் மாதங்கள். அந்த ஆண்டு அமெரிக்கக் கடைக்கு ஆர்டர் பிடித்தவரின் கையில் இருந்த புத்தகம் தப்பாக எழுதப்பட்டதல்ல. அதன் தேதி கிழிந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

வரி விகிதம், அஞ்சல் கட்டணம், ஊக்கத்தொகைத் திட்டங்கள், படிவ எண்கள் எல்லாம் தாள் பக்கங்கள். அவற்றை நூலில் படித்து, இப்படியொன்று உண்டு என்று தெரிந்துகொண்டால் போதும். எண்ணை மட்டும் அரசின் இணையதளத்திலோ சரக்கு முகவரிடமோ அன்றைக்கே கேட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கப் பதிவுகள் சற்றே நீடித்து நிற்கும் விதிகள். ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு இப்போது பான் எண்ணையே அடிப்படையாகக் கொண்டது. 500 ரூபாயில் இணையத்தில் கிடைக்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், மாற்றம் ஏதும் இல்லாவிட்டாலும், அதை உறுதிசெய்ய வேண்டும். விட்டால் குறியீடு முடங்கும். ஜி.எஸ்.டி. கட்டாமல் அனுப்ப எல்.யூ.டி. என்ற உறுதிமொழி, சரக்குப் போகும் துறைமுகத்தில் வங்கியின் ஏ.டி. கோடு பதிவு. இவை மூன்றும் முடிந்தால் காகித வேலையின் வாசல் தாண்டியாயிற்று. பலர் இந்த வாசலையே வீடு என்று நினைத்துவிடுகிறார்கள்.

வீடு உள்ளே இருக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், தன் கடைப் பெயர் அச்சிட்ட தினசரி காலண்டர் 300 கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டை 38 செ.மீ. உயரம், 25 செ.மீ. அகலம். அதன் கீழ்ப்பாதியில் தாள்கட்டு, கனம் இரண்டரை செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒன்றின் எடை கால் கிலோ.

பத்துப் பத்தாகப் பெட்டி கட்டலாம். எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க அடுக்கினால் தாள்கட்டின் மேல் தாள்கட்டு ஏறும். அட்டையின் மேல்பாதி முழுக்க வெற்றிடம். பெட்டி 40×27×27 செ.மீ. ஆகிவிடும். நிறுத்துப் பார்த்தால் 3 கிலோதான். ஆனால் கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஓர் எடை கண்டுபிடிக்கும்; நிஜ எடை, இந்தக் கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இங்கே கன எடை 5.83, 6 கிலோவுக்குப் பில் வரும். காற்றுக்குப் பாதிக் காசு. அதே பத்தை இரண்டிரண்டாக முகம் பார்த்து, ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி அடுக்கினால், ஒன்றின் தாள்கட்டு மற்றதன் வெற்றிடத்தில் உட்காரும். பெட்டியின் உயரம் 15 செ.மீ.க்கு இறங்கும், கன எடை 3.24. கூலியில் ஏறக்குறைய பாதி மிச்சம். பெட்டி கட்டுகிறவரின் கைக்குத் தெரிந்த இந்த வித்தைக்கு லாஜிஸ்டிக்ஸ் நூல்கள் பல பக்கம் ஒதுக்குகின்றன. இது அட்டைப் பக்கம், பழசாகாது.

ஆனால் 300-ஐயும் கடல் வழியாக அனுப்பினால் கணக்கு வேறு. தனிக் கன்டெய்னருக்குச் சரக்கு போதாதபோது பலர் சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்.சி.எல். முறையில், பொதுவாகக் குறைந்தது ஒரு கனமீட்டருக்குக் கட்டணம் போடுவார்கள். திருப்பி அடுக்கிய 30 பெட்டிகள் அரைக் கனமீட்டர்கூட வராது. நேராக அடுக்கினாலும் ஒரு கனமீட்டருக்குள்தான். இரண்டுக்கும் ஒரே கூலி. இங்கே கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருக்கிறது: திருப்பி அடுக்கினால் அதே கூலியில் 600 காலண்டர் போகும். பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவரையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லி வாங்குபவருக்கு எழுத வேண்டிய நேரம் அது. புத்தகம் சூத்திரத்தைத் தரும். எந்தச் சூத்திரம் எந்த வண்டிக்கு என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

லண்டன் கடைக்காரர் கேட்கத் தவறும் ஒன்றும் உண்டு. தாளில் அச்சாகும் திதியும் ராகுகாலமும் இங்குள்ள நேரத்துக்குக் கணித்தவை. குளிர்காலத்தில் லண்டன் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே விடியற்காலை 4 மணிக்கு முடியும் திதி அங்கே முந்தைய இரவு பத்தரைக்கே முடிந்துவிடும். அமாவாசை தர்ப்பணம் நாள் மாறலாம். பகலை எட்டாகப் பிரிப்பதுதான் ராகுகாலக் கணக்கு. டிசம்பர் லண்டனில் பகலே எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால், நம் ஒன்றரை மணி நேர ராகுகாலம் அங்கே ஒரு மணி நேரத்துக்குள் முடியும். வாங்குபவரின் வானத்துக்கு ஏற்பப் பொருளை மாற்றுவது என்று நூல்கள் சொல்வதற்கு, சிவகாசியில் இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

இப்போது கணக்கின் நடுப்பகுதி. பெட்டிகள் தூத்துக்குடிக்குப் போகின்றன. அங்கே சரக்கு முகவரின் கிடங்கில் இறக்கப்பட்டு, மற்றவர் சரக்கோடு கன்டெய்னரில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, இங்கிலாந்து போய்ச் சேரும். இந்த வழியில் எந்த இடத்தில் சரக்கின் பொறுப்பு விற்பவரிடமிருந்து வாங்குபவருக்குக் கைமாறுகிறது? இதற்கு விடை சொல்லத்தான் பாரிஸில் உள்ள சர்வதேச வணிகக் கழகம் 1936-இல் இன்கோடெர்ம்ஸ் என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. இப்போது நடப்பிலிருப்பது 2020 பதிப்பு. அதில் பதினோரு விதிகள். வீட்டிலிருந்து விற்பவர் மூன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் விதி எஃப்.ஓ.பி. அதன்படி சரக்கு கப்பலில் ஏறும் வரை பொறுப்பு விற்பவருடையது. ஆனால் எல்.சி.எல். சரக்கு கிடங்கில் ஒப்படைத்த பிறகு கப்பல் ஏறச் சில நாட்கள் ஆகலாம். அந்த நாட்களில் சரக்கு விற்பவரின் கையில் இல்லை. பொறுப்பு மட்டும் இருக்கிறது. கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ. எழுதுங்கள் என்று இன்கோடெர்ம்ஸே சொல்வது இதனால்தான். அதில் முகவரிடம் ஒப்படைத்த நிமிடத்திலேயே பொறுப்பு மாறும்.

மூன்றாவது சி.ஐ.எஃப். இது இன்னும் நுட்பமாக ஏமாற்றும். கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் கட்டுவார், சரக்கு போய்ச் சேரும் துறைமுகம் வரைக்கும். பொறுப்போ இங்கே கப்பல் ஏறியதுமே மாறிவிடுகிறது. செலவு ஓரிடத்தில் முடிகிறது, பொறுப்பு வேறோரிடத்தில் முடிகிறது. 'லண்டன் வரை நீங்கள்தானே கட்டினீர்கள், நனைந்ததற்கும் நீங்கள்தான்' என்று வாங்குபவர் கேட்கும்போதுதான் இது பலருக்குப் புரிகிறது. எல்.சி.எல்.-இல் இன்னொரு கசப்பும் சேரும். கப்பல் கூலி மலிவாகத் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகு கிடங்குக் கூலி, பிரிப்புக் கூலி, ஆவணக் கட்டணம் என்று அந்த ஊர் முகவர் கேட்பது கூலியைவிட அதிகமாகக்கூட இருக்கும். அதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கி வாங்குபவருக்கு அனுப்பாதவர், இரண்டாவது ஆர்டரை இழப்பார்.

காப்பீடு இருக்கிறதே என்று தோன்றும். சி.ஐ.எஃப். கட்டாயப்படுத்துவது குறைந்தபட்சக் காப்பீட்டை மட்டும். சரக்குக் காப்பீட்டில் 'சி' வகை. கப்பல் மூழ்கினாலோ தீப்பிடித்தாலோ அது பணம் தரும். கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுந்து காலண்டர் அட்டை ஊறிப்போனால் தராது. அதற்கு 'பி' அல்லது 'ஏ' வேண்டும். சரி, கூடுதல் கட்டி 'ஏ' வகையே எடுத்தாயிற்று. இன்னொரு ஆபத்து மிச்சமிருக்கிறது, காலண்டருக்கு அதுதான் பெரியது: தாமதம். 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், பெரிய நிறுவனங்கள் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. ஐரோப்பியப் பயணம் ஒரு வாரம், பத்து நாள், சில நேரம் அதற்கும் மேல் நீண்டது. ஜனவரி 20-இல் வந்து சேரும் காலண்டரில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனால் வாங்க ஆள் இருக்காது. தாமதத்தால் வரும் நஷ்டத்தை 'ஏ' வகைக் காப்பீடும் வெளிப்படையாகவே விலக்கிவைக்கிறது. இன்கோடெர்ம்ஸிலும் இந்த மூன்று விதிகளின்படி, குறித்த நாளுக்குள் இங்கே ஒப்படைத்துவிட்டால் விற்பவரின் கடமை முடிந்தது. எந்தக் காகிதமும் காலத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. அதை நாள் குறித்துத்தான் சமாளிக்க வேண்டும்: ஆடியில் ஆர்டர், செப்டம்பரில் அச்சு, அக்டோபர் முதல் வாரத்துக்குள் தூத்துக்குடி. அதற்குமேல் வரும் ஆர்டரைக் கடலில் விடாமல், விலையைக் கூட்டி விமானத்தில் அனுப்புவது அல்லது வேண்டாம் என்று சொல்வது.

பணம் வாங்குவதிலும் இதே கேள்விதான் வேறு உடையில் வருகிறது. நூல்கள் எல்.சி. எனும் கடன் கடிதத்துக்கு நீண்ட அத்தியாயம் ஒதுக்கும். அரைக் கனமீட்டர் சரக்குக்கு அதன் வங்கிக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். பாதிப் பணம் முன்பணம், மீதி அனுப்பிய பிறகு என்பதே சிறு வியாபாரத்தின் நடைமுறை. அந்த மீதி எவ்வளவு பத்திரம் என்பது சரக்கு எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்தது. கடல் வழியில் கிடைக்கும் பில் ஆஃப் லேடிங், பேரம் செய்யத்தக்க வடிவில் எழுதப்பட்டால், சரக்கின் மேல் உரிமை தரும் ஆவணம். மூலப்பிரதி கைக்கு வராமல் வாங்குபவர் சரக்கை எடுக்க முடியாது. மீதிப் பணம் வந்தபின் அதை அனுப்பலாம். விமானச் சரக்குக்குக் கிடைக்கும் ஏர்வே பில்லுக்கும் தபால் ரசீதுக்கும் அந்த வலு இல்லை. பெயருக்கு உரியவர் வாசலில் பெட்டி இறங்கிவிடும்; அதன்பின் நம் கையில் மிஞ்சுவது அவருடைய நாணயம்தான். ஆகவே தபாலில் என்றால் முழுப் பணமும் முன்பே, கடலில் என்றால் பாதி விட்டுவைக்கலாம். அவசரமாக விமானத்துக்கு மாறும்போது பணத்தின் ஏற்பாட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் பாரிஸிலும் லண்டனிலும் கண்டுபிடித்ததாக எண்ண வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார் வணிகர்களுக்கு இதே கேள்வி மாட்டுவண்டிப் பாதையில் வந்தது. ஓர் ஊரில் ஏற்றிய சரக்கு அடுத்த ஊர் சேர்வதற்குள் கொள்ளை போகலாம். இரவு தங்க இடம் இருக்காது. அவர்கள் வழியில் பேட்டைகளைக் கட்டினார்கள்: மதில் சூழ்ந்த முற்றம், வண்டிக்கும் மாட்டுக்கும் இடம், சரக்குக்குக் காவல். அதற்கான செலவை மகமை என்று, அவரவர் வாங்கி விற்ற சரக்கின் அளவுக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டார்கள். அதிகச் சரக்கு போனவர் அதிகம் கொடுத்தார். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்று நூலில் இது விரிவாகவே பதிவாகியிருக்கிறது. பிற்காலத்தில் பள்ளிகளும் அந்த மகமையில் எழுந்தன. ஆனால் அதன் வேர் நடுவழியில் இருக்கிறது: என் கையை விட்டுப் போய், உன் கைக்கு வராத சரக்குக்கு யார் பொறுப்பு, அதன் செலவை யார் எவ்வளவு ஏற்பது?

ஒன்றையொன்று அறிந்த ஊர்களுக்கு நடுவே இதைப் பேசி முடிக்க முடிந்தது. முகம் பார்த்திராத ஈஸ்ட் ஹாம் கடைக்காரரிடம் அது முடியாது, எழுதியாக வேண்டும். இன்வாய்ஸ், இன்கோடெர்ம், காப்பீட்டுப் பத்திரம், பில் ஆஃப் லேடிங் என்று நூல்கள் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்துக் காட்டுபவை அனைத்தும் அந்த ஒரே கேள்விக்கான விடையின் துண்டுகள். அப்படிப் படித்தால் நானூறு பக்க நூல் சுருங்கிவிடும். ஒவ்வொரு ஆவணத்தின் முன்னும் நின்று, 'இது எந்த ஆபத்தை யார் தோளிலிருந்து யார் தோளுக்கு மாற்றுகிறது?' என்று கேட்டால் போதும். விடை கிடைக்காத இடம் எதுவோ, அங்கேதான் நஷ்டம் காத்திருக்கிறது.

இதிலிருந்துதான் விலையும் பிறக்கிறது. அச்சகம் கொடுத்த விலையோடு கூலியையும் கொஞ்சம் லாபத்தையும் கூட்டினால் ஏற்றுமதி விலை வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆபத்து எந்தக் காகிதத்தாலும் மறைந்துபோவதில்லை, ஆள்தான் மாறுகிறது. கப்பல் நிறுவனம், காப்பீட்டாளர், வங்கி ஒவ்வொருவரும் தாம் ஏற்கும் பங்குக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் ஏற்கிறார்கள். ஏற்க மறுப்பதையும் பொடி எழுத்தில் எழுதிவைக்கிறார்கள். இலவசமாக ஏற்கிறவர் ஒருவர்தான்: என்ன ஏற்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்திடுகிறவர். எஃப்.ஓ.பி. என்று பழக்கத்தில் எழுதியவர் கிடங்கு நாட்களை இலவசமாக ஏற்றார். நவம்பரில் வந்த ஆர்டரை அதே விலைக்குக் கடலில் அனுப்பி, 'ஜனவரிக்குள் வந்துவிடும்' என்று வாக்குக் கொடுத்தவர், காப்பீட்டாளரே தொட மறுத்த ஒன்றை இலவசமாக ஏற்றார்.

பொருளுக்கு மட்டும் கிடைப்பது பொருளின் விலை. அதை உள்ளூர்ச் சந்தையே கொடுத்துவிடும். தூரத்துச் சந்தை கூடுதலாகக் கொடுப்பது, நடுவழியில் ஒருவர் தெரிந்தே ஏற்கும் பொறுப்புக்கான கூலி. தெரியாமல் சுமந்ததற்கு எந்த நாட்டிலும் கூலி கிடையாது.